பழைய பேட்டரிக்குள்ள போன 3.3 ஆம்பியர்: ஒரு லூப்பை நடந்து பார்த்த கணக்கு

அக்கா பையன் டிப்ளமோ ரெண்டாம் வருஷம். வீட்ல கரண்ட் போனா ஒரு 12 வோல்ட் பல்ப் எரியணும்னு ரெண்டு லெட்-ஆசிட் பேட்டரியை பேரலலா மாட்டி வச்சிருந்தான், ஒண்ணு புதுசு, இன்னொண்ணு ஏற்கனவே வீட்ல கிடந்த பழசு. பல்ப் நல்லா எரிஞ்சுது. எரியும்போது பல்ப் எடுக்கிறது சுமாரா 2 ஆம்பியர், அதனால ஆளுக்கு ஒரு ஆம்பியர்னு பங்கு போட்டுக்கும்னு இவன் நெனச்சுட்டான். என்கிட்ட இருக்கிற டிசி கிளாம்ப் மீட்டரை வாங்கிட்டுப் போய் பழைய பேட்டரி ஒயர்ல மாட்டியிருக்கான், அது -3.3 காட்டியிருக்கு. உடனே போன்.

"மாமா, உங்க மீட்டர் போச்சு. மைனஸ் காட்டுது."

மீட்டர் போகலடா, கணக்கு போட்டுப் பாருன்னேன். போட்டான். வந்த விடை இன்னும் பயங்கரம், பழைய பேட்டரி 9.8 ஆம்பியர் வெளிய குடுக்குதாம், அதுல 7.6 ஆம்பியர் புதுசுக்குள்ள போகுதாம். மீட்டர் சொல்றதுக்கு நேர் எதிர். சாயங்காலம் நோட்டை எடுத்துக்கிட்டு வந்துட்டான். பார்த்தா மொத்தக் கணக்குலயும் தப்பு ஒரே ஒரு குறியிலதான். அந்த ஒரு குறி எங்க பிறந்துச்சு, எப்படி கண்டுபிடிச்சோம்ங்கிறதைத்தான் இங்க எழுதுறேன், ஏன்னா லூப் கணக்குல தடுக்கி விழுற முக்கால்வாசி பேர் விழுறது இதே இடத்துலதான்.

முதல்ல சர்க்யூட். கீழ ஒரு முடிச்சு, மேல ஒரு முடிச்சு, நடுவுல மூணு தூண் நிக்குதுன்னு வச்சுக்கோங்க. இடது தூண்ல புது பேட்டரி, நடுத்தூண்ல பழசு, வலது தூண்ல பல்ப். ரெண்டு பேட்டரியோட மைனஸும் கீழ் முடிச்சுல சேருது, அங்க தடியா சின்னதா ஒரு ஒயர்தான், அதுல விழுற வோல்ட்டை கணக்குல எடுக்கல. பிளஸ் ரெண்டும் ஆளுக்கொரு மெல்லிசான ஒயர் வழியா மேல் முடிச்சுக்கு வருது.

ரெண்டையும் கழட்டி கொஞ்ச நேரம் சும்மா விட்டு அளந்தப்போ புதுசு 12.8 வோல்ட், பழசு 12.2 வோல்ட். லெட்-ஆசிட்ல ஓய்வா இருக்கும்போது 12.2ன்னா கிட்டத்தட்ட பாதி சார்ஜ். பல்ப் எரியும்போது அதோட ரெசிஸ்டன்ஸ் 6 ஓம். தனித்தனியா லோடு குடுத்து வோல்டேஜ் எவ்வளவு இறங்குதுன்னு பார்த்து எடுத்த கணக்குப்படி புது பேட்டரியோட உள் ரெசிஸ்டன்ஸ் 0.02 ஓம், அதோட ஒயர் 0.03, சேர்த்து 0.05. பழசுக்கு உள்ள 0.06, ஒயர் 0.04, சேர்த்து 0.10. அவ்வளவுதான் சரக்கு.

இப்போ விதி. கிர்ச்சாஃப் இதை எழுதினது 1845ல, கோனிக்ஸ்பெர்க்ல மாணவனா இருந்தப்போ, வயசு 21தான், நம்ம பையனை விட கொஞ்சம்தான் மூத்தவர். விஷயம் சிம்பிள். மலை அடிவாரத்துல செருப்பை விட்டுட்டு ஏறி இறங்கி எந்த வழியா சுத்தினாலும், செருப்பு கிட்ட திரும்பி வந்தா ஏறின உயரமும் இறங்கின உயரமும் ஒண்ணாத்தான் இருக்கணும். உயரத்துக்கு பதிலா வோல்டேஜ். ஒரு புள்ளியில கிளம்பி லூப்பை சுத்தி அதே புள்ளிக்கு வந்தா ஏற்றம் இறக்கம் எல்லாத்தையும் குறியோட கூட்டினா பூஜ்யம்.

இது எல்லாருக்கும் தெரியும். எது ஏற்றம் எது இறக்கம்னு முடிவு பண்றதுலதான் சிக்கல், ஏன்னா அதை முடிவு பண்ண ரெண்டு தனித்தனி விதி இருக்கு, ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாதது, ஆனா நம்ம மண்டையில ரெண்டும் ஒண்ணா கலந்து கிடக்குது.

பேட்டரிக்கு: நடக்கும்போது எந்த முனை வழியா உள்ள நுழையுறோம்ங்கிறது மட்டும்தான் கேள்வி. மைனஸ்ல நுழைஞ்சு பிளஸ்ல வெளிய வந்தா ஏற்றம், +E. பிளஸ்ல நுழைஞ்சு மைனஸ்ல வந்தா இறக்கம், -E. கரண்ட் எந்தப் பக்கம் ஓடுதுன்னு பார்க்கவே கூடாது.

ரெசிஸ்டருக்கு: அதுல கரண்ட் அம்புக்குறி எந்தப் பக்கம் வரைஞ்சிருக்கோம், நாம எந்தப் பக்கம் நடக்கிறோம், இது ரெண்டு மட்டும். அம்போட சேர்ந்து நடந்தா இறக்கம், -IR. அம்புக்கு எதிரா நடந்தா ஏற்றம், +IR. இங்க பிளஸ் மைனஸ் முனைன்னு ஒண்ணும் கிடையாது. அம்பு நிஜமான திசையில இருக்கணும்ங்கிற அவசியமும் இல்ல, நாம குத்துமதிப்பா வரைஞ்சதுதான், தப்பா வரைஞ்சிருந்தா விடை மைனஸ்ல வரும், அவ்வளவுதான். (சில புத்தகத்துல இறக்கத்தை பிளஸ்னு வச்சு எழுதியிருப்பாங்க. அதுவும் சரிதான், சமன்பாடு மொத்தமும் -1ஆல பெருக்கின மாதிரி இருக்கும். ஒரே கணக்குல பாதி அப்படி பாதி இப்படின்னு எழுதினா மட்டும் அம்பேல்.)

பையன் முதல்ல பல்ப் இல்லாம போட்டிருந்தான், அது ரொம்ப சரியான ஆரம்பம். பல்ப் ஆஃப்னா ஒரே லூப், ஒரே கரண்ட். கீழ் முடிச்சுல கிளம்பு. புது பேட்டரியில மைனஸ் வழியா நுழையுறோம், +12.8. அந்தத் தூணோட ரெசிஸ்டன்ஸ்ல கரண்டோட சேர்ந்து மேல போறோம், -0.05I. மேல் முடிச்சு வந்தாச்சு, இனி நடுத்தூண் வழியா இறங்கணும். அதே கரண்ட் நம்ம கூடவே இறங்குது, -0.10I. பழைய பேட்டரியில பிளஸ் வழியா நுழையுறோம், -12.2. கீழ் முடிச்சு, வீடு வந்தாச்சு.

```
12.8 - 0.05 I - 0.10 I - 12.2 = 0
I = 0.6 / 0.15 = 4 A
```

பல்ப் அணைஞ்சு கிடக்கும்போதே புதுசுல இருந்து பழசுக்கு 4 ஆம்பியர் ஓடிக்கிட்டு இருக்கு. இதைப் பார்த்ததும் அவன் மூஞ்சி மாறிடுச்சு, 'அப்போ சும்மா வச்சிருந்தாலே வடிஞ்சுக்கிட்டே இருக்குமா மாமா'ன்னான். வடியும்தான், ஆனா ரொம்ப நேரம் இதே வேகத்துல இல்ல, பழசு சார்ஜ் ஏற ஏற அதோட 12.2 மேல வரும், புதுசு கொஞ்சம் இறங்கும், நடுவுல இருக்கிற 0.6 சுருங்கும், கரண்டும் கூடவே சுருங்கும். அதனாலதான் இந்த மாதிரி சர்க்யூட்ல அளவெல்லாம் மாட்டின முதல் நிமிஷத்துக்குள்ள எடுத்துடணும், இல்லன்னா பேப்பர்ல இருக்கிற எண் ஒண்ணு, மீட்டர்ல இருக்கிறது ஒண்ணுன்னு ஆயிடும்.

இந்த லூப்ல ரெண்டு ரெசிஸ்டரும் மைனஸ் வாங்கிச்சு பாருங்க, அங்கதான் விதை விழுந்துச்சு.

அடுத்து பல்ப்பை போட்டாச்சு. இப்போ மூணு கரண்ட். ரெண்டு பேட்டரியும் கரண்ட் குடுக்கும்னு நெனச்சு ரெண்டுக்கும் மேல் நோக்கி அம்பு வரைஞ்சான், புதுசுக்கு I1, பழசுக்கு I2, பல்ப்ல ரெண்டும் சேர்ந்து I1+I2 கீழ இறங்குது. இதுல ஒரு தப்பும் இல்ல. வெளி லூப்பை (புதுசு ஏறி பல்ப்ல இறங்குறது) சரியாவே எழுதியிருந்தான். இடது லூப்பை மட்டும் இப்படி எழுதியிருந்தான்:

```
12.8 - 0.05 I1 - 0.10 I2 - 12.2 = 0        (இடது லூப், தப்பு)
12.8 - 0.05 I1 - 6 (I1 + I2) = 0           (வெளி லூப், சரி)
```

முன்னாடி போட்ட கணக்குல இருந்து அந்த மைனஸை அப்படியே தூக்கிட்டு வந்துட்டான். முதல் கணக்குல நடுத்தூண்ல கரண்ட் கீழ இறங்கிச்சு, நாமளும் கீழ இறங்கினோம். இப்போ அவனே I2வை மேல் நோக்கி வரைஞ்சுட்டான், நாம மட்டும் இன்னும் கீழ இறங்குறோம். அம்புக்கு எதிரா நடக்கிறோம், அப்போ அது +0.10 I2. கையை வச்சு நடந்து பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும், ஆனா 'ரெசிஸ்டர்னா டிராப், டிராப்னா மைனஸ்'னு மனப்பாடமா இருக்கிற மண்டை அதைப் பார்க்க விடல. டிராப்ங்கிற வார்த்தைதான் இங்க வில்லன்னு நான் நெனைக்கிறேன். ரெசிஸ்டர்ல டிராப்ங்கிறது கரண்டோட கண்ணோட்டம். நாம கரண்ட் கிடையாது, நாம நடக்கிற ஆள். ஆத்துல தண்ணி எப்பவும் கீழதான் ஓடும், ஆனா கரையில எதிர்த்திசையில நடக்கிறவனுக்கு அது ஏத்தம்தான்.

தப்பான சமன்பாட்டை அவன் தப்பில்லாமத்தான் தீர்த்திருந்தான். I2 = 9.80, I1 = -7.61, பல்ப்ல 2.20 ஆம்பியர். விடையை எடுத்துட்டுப் போய் அவன் எழுதின ரெண்டு சமன்பாட்டுல போட்டா ரெண்டும் ஜம்முனு பூஜ்யம் வரும். அதனால 'நான் செக் பண்ணிட்டேன் மாமா'ன்னு அடிச்சு சொல்றான். எழுதின சமன்பாட்டை வச்சே எழுதினதை செக் பண்ணா என்ன தெரியும்?

தப்புன்னு கண்டுபிடிக்க ரெண்டு வழி இருக்கு. முதல் வழி கண்ணால பார்க்கிறது. பல்ப் மேல வோல்டேஜ் என்னன்னு கேட்டேன், 6ஆல பெருக்கி 13.18ன்னான். இருக்கிற ரெண்டு பேட்டரியும் 12.8, 12.2. ரெண்டையும் பேரலலா போட்டா சந்திக்கிற இடத்துல 13.18 எப்படி வரும், ரெண்டுக்கும் மேல போக யார் தள்ளினா? அதுவும் குறைஞ்ச வோல்ட் பேட்டரி கூடின வோல்ட் பேட்டரியை சார்ஜ் பண்ணுதாம். இது போதும், கணக்கை கிழிச்சுப் போட.

ரெண்டாவது வழி எனக்கு இன்னும் பிடிச்சது. எழுதாம விட்ட மூணாவது லூப்பை நடக்கிறது. பழசுல ஏறி பல்ப்ல இறங்கு. மைனஸ்ல நுழைஞ்சோம், +12.2. அம்போட மேல போறோம், 0.10 பெருக்கல் 9.80, -0.98. பல்ப்ல அம்போட இறங்குறோம், -13.18. கூட்டினா -1.96. பூஜ்யம் வரல. ஆனா அந்த 1.96ஐ கவனிங்க, அது 0.98க்கு சரியா ரெண்டு மடங்கு. குறி மாறினா பிழை எப்பவும் அந்த உறுப்போட ரெண்டு மடங்காத்தான் வரும், +0.98 இருக்க வேண்டிய இடத்துல -0.98 போட்டா வித்தியாசம் 1.96. அப்போ மிச்சம் வந்த எண்ணைப் பாதியாக்கி, எந்த உறுப்போட மதிப்பு இதோட ஒத்துப் போகுதுன்னு தேடினா தப்பு பண்ண இடமே மாட்டிக்கும். ஒரே ஒரு குறி தப்பா இருந்தா மட்டும்தான் இது இவ்வளவு அழகா வேலை செய்யும், ரெண்டு மூணு தப்பு சேர்ந்தா கலங்கிடும்.

சரி, திருத்தினோம்.

```
12.8 - 0.05 I1 + 0.10 I2 - 12.2 = 0
12.8 - 0.05 I1 - 6 (I1 + I2) = 0
```

முதல் வரியில இருந்து I1 = 12 + 2 I2. ரெண்டாவதுல போட்டா 18.1 I2 = -59.8, அதாவது I2 = -3.30. I1 = 5.39. பல்ப்ல 2.09 ஆம்பியர், வோல்டேஜ் 12.53. ரெண்டு பேட்டரிக்கும் நடுவுல உக்காந்திருக்கு, நியாயமா இருக்கு. மூணாவது லூப்: 12.2 + 0.33 - 12.53, பூஜ்யம்.

காலையில 'மீட்டர் போச்சு'ன்னு சொன்ன அதே -3.3. கிளாம்ப் மீட்டரோட தாடையில ஒரு சின்ன அம்பு போட்டிருக்கும், கரண்ட் அந்தப் பக்கம் போனா பிளஸ் காட்டும். இவன் அந்த அம்பு மேல பார்க்கிற மாதிரி மாட்டியிருந்தான், பேப்பர்லயும் I2 மேல. ரெண்டும் ஒரே அம்பு, ரெண்டும் ஒரே விடை. (டிசி கிளாம்ப்னா ஒயர்ல மாட்டுறதுக்கு முன்னாடி ஜீரோ பட்டனை அமுக்கணும், இல்லன்னா சும்மாவே ஏதோ ஒரு எண் காட்டிட்டு இருக்கும்.)

மைனஸ் வந்ததும் இன்னொரு கேள்வி கேட்டான், நல்ல கேள்வி. "பழசு இப்போ சார்ஜ் ஆகுது, அப்போ அது லோடு மாதிரிதானே மாமா, அதோட 12.2க்கும் குறியை மாத்தணும்ல?" மாத்தக்கூடாது. கரண்ட் உள்ள போனாலும் வெளிய வந்தாலும் பேட்டரியோட பிளஸ் முனை இடம் மாறிடுச்சா என்ன? நாம பிளஸ்ல நுழைஞ்சோம், -12.2, முடிஞ்சுது. கரண்ட் திசை மாறினா மாறுறது அந்த 0.10 ஓம்ல விழுறது மட்டும்தான், அதுவும் I2ங்கிற எண்ணுக்குள்ளயே மைனஸ் இருக்கிறதால தானா மாறிடும். நிறைய பேர் விடை மைனஸ்ல வந்த உடனே பின்னாடி போய் சமன்பாட்டுல குறியைத் திருத்துவாங்க, ஒரே மைனஸை ரெண்டு தடவை எண்ணுற மாதிரி ஆயிடும். அம்பை மாத்தணும்னா மாத்திக்கோ, ஆனா அப்போ எல்லா சமன்பாட்டையும் முதல்ல இருந்து எழுது. இல்லையா, மைனஸை அப்படியே விடு.

அப்புறம் நிஜ சர்க்யூட்ல மல்டிமீட்டரை வச்சு அதே இடது லூப்பை நடந்தோம். இதுக்கு ஒரு பழக்கம் சொல்லிக் குடுத்தேன், கறுப்பு ப்ரோப் பின்னங்கால், சிவப்பு ப்ரோப் முன்னங்கால். நடக்கிற திசையில சிவப்பு எப்பவும் முன்னாடி. ஒரு அடி வச்சதும் மீட்டர் காட்டுறதை குறியோட எழுதிக்கோ, அப்புறம் சிவப்பு இருந்த இடத்துக்கு கறுப்பு வரணும், சிவப்பு அடுத்த இடத்துக்குப் போகணும். எந்த விதியும் ஞாபகம் வச்சுக்க வேண்டாம், ஏத்தம்னா மீட்டர் பிளஸ் காட்டும், இறக்கம்னா மைனஸ். நம்மாளுக்கு மைனஸ் வந்ததும் ப்ரோப்பை மாத்தி வைக்கணும்னு கை துடிக்குது, ரெண்டு தடவை கையைத் தட்டி விட்டேன்.

நாலு அடி. புது பேட்டரி மைனஸ்ல இருந்து பிளஸ்: +12.69. அங்கிருந்து ஒயர் வழியா மேல் முடிச்சு: மில்லிவோல்ட் ரேஞ்சுல -162. மேல் முடிச்சுல இருந்து பழசோட பிளஸ்: -132 மில்லிவோல்ட். பழசோட பிளஸ்ல இருந்து மைனஸ்: -12.40.

கூட்டிப் பாருங்க, 12.69 - 0.162 - 0.132 - 12.40, -0.004 வருது. நாலு மில்லிவோல்ட் எங்க போச்சுன்னு அவன் தேட ஆரம்பிச்சுட்டான். எங்கயும் போகல, 20 வோல்ட் ரேஞ்சுல இந்த மீட்டர் 10 மில்லிவோல்ட்டுக்குக் கீழ பார்க்காது, அந்த ரெண்டு பெரிய எண்லயும் கடைசி இலக்கம் ரவுண்டு பண்ணினது. மிச்சம் பத்து இருபது மில்லிவோல்ட்டுக்குள்ள இருந்தா மீட்டர் கணக்கு. கால் வோல்ட், அரை வோல்ட் மிச்சம்னா ஒரு அடியை விட்டுட்டோம், இல்ல ப்ரோப் மாறிடுச்சு.

இன்னொண்ணும் அங்க தெரிஞ்சுது. பேப்பர்ல 12.8, 12.2ன்னு எழுதினோம், மீட்டர் 12.69, 12.40 காட்டுது. பேட்டரிக்கு உள்ள இருக்கிற ரெசிஸ்டன்ஸை ப்ரோப்பால தனியா தொட முடியாது, முனையில கிடைக்கிறது ரெண்டும் சேர்ந்தது. புதுசு 5.39 ஆம்பியர் குடுக்குது, உள்ள 0.02 ஓம்ல 0.11 வோல்ட் போயிடுது, 12.69. பழசுக்குள்ள 3.30 ஆம்பியர் நுழையுது, உள்ள 0.06 ஓம்ல 0.20 வோல்ட், ஆனா இங்க அது கூடுது, 12.40. மைனஸ் முனையில இருந்து பிளஸ்க்கு அந்த பேட்டரிக்கு உள்ளேயே நடந்து பாருங்க, 12.2 ஏறினோம், அப்புறம் கீழ வர்ற கரண்டுக்கு எதிரா மேல போறோம், இன்னொரு 0.20 ஏத்தம். சார்ஜ் ஆகுற பேட்டரி முனையில வோல்டேஜ் கூடத் தெரியுறது இதனாலதான். பழசை மாட்டின உடனே '12.4 காட்டுது, நல்லாத்தான் இருக்கு'ன்னு ஏமாறுறதும் இதனாலதான்.

இந்த நடைக்கு ஒரு எல்லை இருக்கு, அதையும் சொல்லிடுறேன். லூப்புக்கு நடுவுல மாறிக்கிட்டே இருக்கிற காந்தப்புலம் இல்லாத வரைக்கும்தான் கூட்டினா பூஜ்யம். பெரிய டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்துல மீட்டர் ஒயரை அகலமா விரிச்சு வச்சு ஏசி அளந்தீங்கன்னா அந்த ஒயர் வளையமே ஒரு சுத்து காயில் மாதிரி வோல்டேஜ் வாங்கும், கூட்டல் பூஜ்யம் வராது. நம்ம பேட்டரி, பல்ப் விஷயத்துல அதைப் பத்தி யோசிக்க வேண்டியதே இல்ல.

கடைசியில ரெண்டையும் பிரிச்சு பழசை தனியா சார்ஜ்ல போட்டோம். மறுநாள் சார்ஜரை கழட்டி ஆற விட்டு அளந்தா 12.75, புதுசு 12.80. மாட்டுறதுக்கு முன்னாடி பல்ப் இல்லாம எவ்வளவு ஓடும்னு நீயே சொல்லுன்னேன். பழைய பேட்டரி தூண்ல மறுபடியும் மேல் நோக்கித்தான் அம்பு வரைஞ்சான். இந்தத் தடவை அந்த அம்பையே விரலால தொட்டுக்கிட்டு லூப்பை நடந்தான், கீழ் முடிச்சு, ஏறு, மேல் முடிச்சு, இறங்கு. I2 = -0.33ன்னு எழுதினான். மைனஸை மாத்தல. மாட்டினதும் கிளாம்ப் -0.3 காட்டிச்சு.